"ஏரியா முழுக்க எனக்கே" என்று கேட்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: அம்பத்தூர்ல சின்னதா மசாலா பொடி யூனிட் வச்சிருக்கேன். குரோம்பேட்டை டிஸ்ட்ரிபியூட்டர் மாசம் 4 லட்சத்துக்குச் சரக்கு எடுக்கிறார், அவருக்கு மார்ஜின் 8%. இப்போ "கிண்டியிலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும், வேளச்சேரி, ஓ.எம்.ஆர். எல்லாம் சேர்த்து எனக்கு மட்டும்னு எழுதிக் கொடுங்க, இல்லேன்னா விட்டுடறேன்"ங்கிறார். கொடுக்க மனசில்லை, அவரை இழக்கவும் முடியாது. ஏரியாவுக்குப் பதிலா, இவ்வளவு எடுத்தா இவ்வளவு சதவீதம்னு ஸ்லாப் போட்டு இன்சென்டிவ் தர்றேன்னு சொல்லலாமா? எப்படிச் சொல்றது?

பதில்:

சொல்லலாம். ஆனால் ஸ்லாபை எதன் மேல் போடுகிறீர்கள் என்பதை யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். ஏரியா கேட்கிற டிஸ்ட்ரிபியூட்டர் பெரும்பாலும் நிலத்தைக் கேட்பதில்லை. தான் ஆள் வைத்து, வண்டி ஓட்டி, கடன் கொடுத்துப் பிடித்த கடையில் இன்னொருவன் வந்து இரண்டு ரூபாய் குறைத்துப் போட்டுவிடுவானோ என்பதுதான் அவர் பயம். கொள்முதல் தொகையை மட்டும் பார்த்து அவசரமாக ஒரு ஸ்லாப் போட்டீர்களானால், அவர் பயந்த அந்த ரேட் உடைப்பை நீங்களே கூப்பிட்டு வந்ததாகிவிடும். அதனால் பேச்சைவிட ஸ்லாபைப் பற்றி அதிகம் எழுதுகிறேன்.

பேசப் போகும் முன் அவருடைய கடைவாரி பில்லிங் ரிப்போர்ட்டைக் கடந்த மூன்று மாதத்துக்கு வாங்குங்கள். டேலியிலோ வேறு எந்த சாஃப்ட்வேரிலோ பில் போட்டாலும் இது எடுக்கக்கூடியதுதான். மாதம் 4 லட்சம் என்றால், அது 310 கடைக்குப் போகிறது என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அந்தக் கடைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் என்று ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டியே கிடக்கும். வேளச்சேரியில் ஏழெட்டு, ஓ.எம்.ஆரில் நாலைந்து இருந்தால் அதிகம். அது அவர் சோம்பேறித்தனம் அல்ல, கணக்கு அப்படி. ஒரு சேல்ஸ்மேன் ஒரு நாளில் 35 கடை லைன் போகலாம். வாரத்துக்கு ஆறு நாள். இரண்டு சேல்ஸ்மேன் இருந்தால் வாரம் ஒரு முறை போய்ப் பார்க்கக்கூடிய கடை 420. அவரிடம் இருப்பது இரண்டு பேர் என்றால், சோழிங்கநல்லூரிலிருந்து கேளம்பாக்கம் வரை எழுதிக் கொடுத்தாலும் அவரால் அங்கே போக முடியாது. உங்கள் பொடியும் அந்தக் கடைகளுக்குப் போகாது. வேறு ஒருவர் போகவும் வழி இருக்காது. நீங்கள் மறுப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும். இதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லவும் முடியும்.

இன்னொரு வேலையும் முன்கூட்டியே முடிக்க வேண்டும். கெட்டுப்போன, தேதி முடிந்த சரக்குக்கு அவர் கேட்ட டேமேஜ், டேட் ஓவர் கிளெய்ம் எத்தனை நாளாக உங்களிடம் நிற்கிறது? மூன்று மாதக் கிளெய்மை நிறுத்தி வைத்துக்கொண்டு இன்சென்டிவ் பற்றிப் பேசினால், "ஏற்கெனவே வர வேண்டியதே வரலை, இதுல இது வேறயா" என்றுதான் நினைப்பார். பாதி இடங்களில் ஏரியா கேட்பதற்கே மூலகாரணம் இந்தக் கோபம்தான். கிளெய்ம் தொகையை அவர் பாக்கியில் கழித்துத் தீர்த்த கிரெடிட் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

இப்போது ஸ்லாப். எல்லோரும் போடுவது இப்படித்தான்: காலாண்டுக்கு 13 லட்சத்தைத் தாண்டினால் மொத்தத் தொகையில் 1%, 15 லட்சத்தைத் தொட்டால் மொத்தத் தொகையில் 2%. பார்க்க அழகாக இருக்கிறது. இப்போது டிஸ்ட்ரிபியூட்டர் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். காலாண்டு முடிய நான்கு நாள். 14 லட்சத்தில் நிற்கிறார், அதற்கு 14,000 ரூபாய் வரும். இன்னும் ஒரு லட்சத்துக்குச் சரக்கு எடுத்தால் 15 லட்சம், அதற்கு 30,000. வித்தியாசம் 16,000. ஆனால் அந்த ஒரு லட்சச் சரக்கை வாங்க அவர் லைனில் கடை இல்லை. என்ன செய்வார்? பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு ஹோல்சேல்காரருக்குத் தான் வாங்கிய விலைக்கும் 5% கீழே தள்ளிவிடுவார். நஷ்டம் 5,000. கையில் மிஞ்சுவது 11,000. அவரைக் குறை சொல்ல முடியாது, நீங்கள் போட்ட கணக்கு அவரை அங்கே தள்ளியது. அந்தச் சரக்கு இரண்டு வாரத்தில் தாம்பரம் மார்க்கெட்டுக்கே திரும்பி வரும், அவருடைய சேல்ஸ்மேன் சொல்லும் ரேட்டைவிடக் குறைவாக. கடைக்காரர் பழைய பில்லை எடுத்துக் காட்டிச் சண்டை போடுவார். உங்களிடம் போன் வரும்: "பார்த்தீங்களா, இதுக்குத்தான் ஏரியா கேட்டேன்."

14,000-லிருந்து 30,000-க்கு ஒரேயடியாகத் தாவும் இந்தத் தாவலை எடுத்துவிட வேண்டும். அதற்கு வழி, ஸ்லாப் சதவீதத்தை மொத்தத்தின் மேல் போடாமல் கூடுதலாக எடுத்த பகுதியின் மேல் மட்டும் போடுவது. அவருடைய இப்போதைய அளவு காலாண்டுக்கு 12 லட்சம். 12 முதல் 14 லட்சம் வரையிலான பகுதிக்கு 2%, 14 முதல் 16 வரையிலான பகுதிக்கு 3.5%, அதற்கு மேல் 5%. இப்போது 14-இல் நிற்பவர் ஒரு லட்சம் கூடுதலாக எடுத்தால் கிடைப்பது 3,500. ஹோல்சேலில் தள்ளினால் போவது 5,000. தள்ள மாட்டார். கடைசி ஸ்லாபின் சதவீதத்தை வைக்கும்போது இந்த ஒரு சோதனையைச் செய்து பாருங்கள்: உங்கள் சரக்கை ஹோல்சேலில் எவ்வளவு குறைத்தால் உடனே வாங்குவார்கள்? அந்த அளவை உங்கள் உச்ச ஸ்லாப் தாண்டக்கூடாது.

ஆனால் இப்படிப் போட்டால் தொகை சுருங்கிவிடும். 15 லட்சத்துக்கு 4,000 + 3,500, ஆக 7,500தான். 30,000 எதிர்பார்த்தவருக்கு இதைக் காட்டினால் முகம் சுண்டிப்போகும். மிச்சப் பணத்தைக் கடை எண்ணிக்கையின் மேல் வையுங்கள். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே: அவர் குடோனில் சரக்கு போய் உட்காருவது அல்ல, புதுக் கடை அலமாரியில் போய் உட்காருவது. காலாண்டின் மூன்று மாதத்தில் குறைந்தது இரண்டு மாதம் பில் ஆன கடையை மட்டும் ஒரு கடையாக எண்ணுங்கள். இப்போது 310 என்றால், 340 கடைக்கு 4,000 ரூபாய், 380 கடைக்கு 9,000, 440 கடைக்கு 25,000.

இந்த மூன்று படியும் ஏன் இப்படி என்றால், முதல் இரண்டையும் இருக்கிற இரண்டு சேல்ஸ்மேனை வைத்தே எட்ட முடியும். அவர்கள் போகிற 420 கடையில் இன்னும் 110 கடை உங்கள் பொடியை வாங்குவதில்லை, அதில் எழுபதைப் பிடித்தால் போதும். 440 என்பது மூன்றாவது ஆள் இல்லாமல் நடக்காது. ஆள் வைக்கிறவருக்குத்தான் பெரிய தொகை. அதனால்தான் அங்கே சட்டென்று ஏற்றியிருக்கிறேன்.

அவர் மனசுக்குள் ஓட்டப்போகிற கணக்கை நீங்கள் முன்பே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். 15 லட்சம், 380 கடை என்றால்: கூடுதல் 3 லட்சத்துக்கு வழக்கமான 8% மார்ஜின் 24,000, ஸ்லாப் 7,500, கடைத் தொகை 9,000. ஆக மூன்று மாதத்தில் 40,500 ரூபாய், புது ஆள் செலவு இல்லாமல். அடுத்தது 16.5 லட்சம், 440 கடை: கூடுதல் 4.5 லட்சத்துக்கு மார்ஜின் 36,000, ஸ்லாப் 13,500, கடைத் தொகை 25,000. ஆக 74,500. புது சேல்ஸ்மேனுக்கு மாதம் 18,000 என்றால் காலாண்டுக்கு 54,000 போய்விடும்; மிச்சம் 20,500தான். அதாவது ஆள் வைக்காமல் இருப்பதே லாபம்! அதே ஆள் அவருடைய மற்ற கம்பெனிச் சரக்கையும் எடுத்துப் போய் பாதிச் சம்பளத்தை அங்கே கழித்தால் மிச்சம் 47,500, அப்போது உச்சப் படி லாபகரமாகிறது. அந்த இரண்டாவது கம்பெனி அவரிடம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் முதல் மூன்று மாதம் பாதிச் சம்பளத்தை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும். உங்களுக்குக் கட்டுமா? ஸ்லாபும் கடைத் தொகையுமாக 38,500 கொடுத்து 4.5 லட்சம் கூடுதல் விற்பனை வாங்குகிறீர்கள். பொடியில் மிளகாய், மல்லி, பேக்கிங், வண்டி எல்லாம் போக உங்களுக்கு 22% நின்றால் 99,000 வருகிறது. கட்டும். 12% தான் நிற்கிறது என்றால் வருவது 54,000. சம்பளத்திலும் பங்கு கொடுத்தால் ஒன்றும் மிஞ்சாது. படிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நிபந்தனை. காலாண்டில் ஒரு செக் திரும்பினாலோ, ஒத்துக்கொண்ட கெடு நாள் தாண்டிப் பணம் நின்றாலோ அந்தக் காலாண்டுக்கு இன்சென்டிவ் இல்லை. அவருடைய சரக்கு ஹோல்சேலில் கிடைத்தாலும் இல்லை. இரண்டாவதைப் பிடிக்க ஒரு எளிய வேலை செய்ய வேண்டும். பாக்கெட்டில் பேட்ச் எண் எப்படியும் அச்சிட்டே ஆக வேண்டும். எந்த பேட்ச் எந்தப் பெட்டியில் எந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போனது என்று டெஸ்பாட்ச் நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே பேட்ச் இரண்டு பேருக்குப் போகாமல் பிரித்தால் இன்னும் நல்லது. பாரிஸிலோ தாம்பரத்திலோ குறைந்த ரேட்டில் ஒரு பாக்கெட் அகப்பட்டால் பின்னால் திருப்பிப் பார்த்தாலே யார் சரக்கு என்று தெரிந்துவிடும். இது அவரைக் கட்டுப்படுத்த மட்டும் அல்ல. நாளைக்கு வேளச்சேரிக்காரர் சரக்கு இவர் கடைக்குள் வந்தால் அவரையும் இதே விதி பிடிக்கும். ஏரியா எழுதிக் கொடுப்பதைவிட இதுதான் இவருக்கு நிஜமான காவல். இதைச் சொல்லும்போது குரலை உயர்த்திச் சொல்லுங்கள், தவறில்லை.

கடை எண்ணிக்கையிலும் தில்லுமுல்லு வரும். ஒரே கடை "முருகன் ஸ்டோர்", "ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்", "முருகன் மளிகை" என்று மூன்று பெயரில் பில் ஆகும். மாதக் கடைசி இரண்டு நாளில் இருபது கடைக்கு இரண்டே பாக்கெட் பில் இருக்கும். அதனால் கடைக்கு ஒரு போன் நம்பர், குறைந்தபட்சம் 300 ரூபாய் பில் என்று முன்பே சொல்லிவிடுங்கள். காலாண்டு முடிந்ததும் பட்டியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இருபது கடையைத் தேர்ந்தெடுத்து நீங்களே ஒரு நாள் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு தடவை போனாலே போதும், செய்தி அவர் சேல்ஸ்மேனுக்குப் போய்விடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தனியாகப் பாருங்கள். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் லைன் போகவே வழியில்லாமல் இருந்தது. அந்தக் காலாண்டுக்கும் அதே 12 லட்சத்தை அடிப்படையாக வைத்தால் அவர் நவம்பரிலேயே நம்பிக்கை இழந்துவிடுவார். போன வருடம் அதே காலாண்டில் எடுத்ததை அடிப்படையாக வையுங்கள். குடோனிலோ லைனிலோ தண்ணீர் நின்ற மாதத்தை விட்டுவிட்டு மீதி இரண்டு மாதத்துக்குக் கணக்குப் போடலாம் என்று எழுதுங்கள். உங்களுக்குப் பெரிய செலவில்லை. அவர் மறக்க மாட்டார்.

வரி விஷயம் சுருக்கமாக. இன்சென்டிவைத் தங்கக் காசாகவோ, டி.வி.யாகவோ, டூராகவோ கொடுக்காதீர்கள். 2022 ஜூலையில் வந்த விதிப்படி ஒருவருக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் இப்படிப் பொருளாகக் கொடுத்தால் 10% வரியை நீங்களே பிடித்துக் கட்ட வேண்டிய டி.டி.எஸ். விவகாரம் வரும், விற்பனைத் தள்ளுபடிக்கு அந்தப் பிடிப்பு வேண்டாம் என்று வருமான வரித் துறையே விளக்கியிருக்கிறது. எனவே கிரெடிட் நோட்டாகக் கொடுங்கள். கடை எண்ணிக்கைக்கு வரும் தொகையையும் சரக்கின் மேலான கூடுதல் தள்ளுபடி என்றே எழுதுங்கள். "கடை பிடித்துக் கொடுத்ததற்குக் கட்டணம்" என்று எழுதினால் அவர் உங்களுக்குச் சேவை செய்ததாக ஆகி, அதற்கு அவர் ஜி.எஸ்.டி. பில் போட வேண்டிய கேள்வி எழும். ஜி.எஸ்.டி.யையும் குறைத்துக் கிரெடிட் நோட் போடுவதானால் அந்த வரிக்கு அவர் ஏற்கெனவே எடுத்த வரவை அவரும் திருப்ப வேண்டும். வரியைத் தொடாத கமர்ஷியல் கிரெடிட் நோட் என்றால் அந்த வேலை இல்லை. எப்படியானாலும் ஸ்கீம் காகிதம் காலாண்டு தொடங்கும் முன்பே கையெழுத்தாகி இருக்கட்டும், வரைவை உங்கள் ஆடிட்டர் ஒரு முறை பார்க்கட்டும்.

இனி எப்படிச் சொல்வது. போனில் வேண்டாம். சேல்ஸ்மேன்கள் லைனில் இருக்கும் மதிய நேரத்தில் அவர் குடோனுக்கே போங்கள், அவர் ஆட்கள் முன்னால் மறுக்காதீர்கள். "பார்க்கலாம்ணே", "யோசிச்சுச் சொல்றேன்" என்ற இரண்டையும் சொல்லாதீர்கள். நம் ஊரில் அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த வாரமே மேடவாக்கம் கடைக்காரரிடம் "இனிமே இங்கேயும் நான்தான்" என்று சொல்லிவிட்டு வந்திருப்பார். "கம்பெனி பாலிசி" என்றும் சொல்லாதீர்கள், கம்பெனியே நீங்கள்தான் என்று அவருக்குத் தெரியும். சிலர் காம்பெடிஷன் சட்டத்தைச் சாக்காகச் சொல்லச் சொல்வார்கள். அந்த 2002ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய ஏரியா ஒப்பந்தத்தை ஒரேயடியாகத் தடை செய்யவில்லை; போட்டிக்குக் கணிசமான கெடுதல் வருகிறதா என்றுதான் பார்க்கிறது. மாதம் சில லட்சம் விற்கிறவர் அதைச் சொன்னால் எடுபடாது.

முதல் வாக்கியத்திலேயே மறுப்பைச் சொல்லிவிடுங்கள். கிட்டத்தட்ட இப்படி:

"அண்ணாச்சி, ஏரியா முழுக்க உங்களுக்கு மட்டும்னு என்னால எழுதித் தர முடியாது. உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல. ரிப்போர்ட்டை நீங்களே பாருங்க, ரெண்டு ஆளை வச்சு 420 கடைதான் போக முடியுது. ஓ.எம்.ஆர். சும்மா கிடந்தா எனக்கு யூனிட் ஓடாது. ஆனா நீங்க பிடிச்ச கடையை இன்னொருத்தன் வந்து கெடுக்க விடமாட்டேன். அதை எழுதித் தர்றேன்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் பேச்சைக் காப்பாற்றும். அதை வெறும் வாயால் சொல்லாமல் காகிதத்தில் கொடுங்கள். ஏரியாவுக்குப் பதிலாகக் கடைப் பட்டியல். அவர் இப்போது பில் போடும் 310 கடையும் பெயர், போன் நம்பரோடு அதில் இருக்கும். அவர் பில் போட்டுக்கொண்டிருக்கும்வரை அந்தக் கடைக்கு உங்கள் வேறு டிஸ்ட்ரிபியூட்டர் போகக்கூடாது. 60 நாள் பில் ஆகாத கடை பட்டியலிலிருந்து தானாக விழும், புதுக் கடை தானாகச் சேரும். சூப்பர்மார்க்கெட் சங்கிலிகளும் ஆன்லைன் டெலிவரிக்காரர்களும் பட்டியலுக்கு வெளியே, அவர்களுக்கு நீங்கள் நேரடி சப்ளை. வேளச்சேரிக்கோ ஓ.எம்.ஆருக்கோ ஆள் போடும் முன் 30 நாள் அவகாசம் கொடுத்து முதலில் இவரிடம் கேட்பீர்கள். அதற்குள் அவர் தனி சேல்ஸ்மேனை இறக்கினால் அந்த லைன் அவருடையது.

அவர் உடனே கேட்கப்போவது, "அப்போ மார்ஜினையாவது 10% ஆக்குங்க" என்று. கூடாது. மார்ஜினில் ஏற்றியது இறங்காது. அந்த 2%-ஐ அவர் கடைக்காரருக்கு விட்டுக் கொடுத்து ரேட்டை இறக்கிவிடவும் வாய்ப்பு அதிகம். ஒரு மாதத்தில் அவருக்கும் அது இல்லாமல் போகும். "இதே பணம் காலாண்டுக் கடைசியில மொத்தமா வருது அண்ணாச்சி, பில்லுல கரையாது" என்று சொல்லுங்கள். வேண்டுமானால் கடைப் படிகளில் ஒன்றைச் சற்று இளக்கிக் கொடுங்கள், 340 என்பதை 330 ஆக்கலாம். முதல் காலாண்டில் அவருக்கு ஏதாவது ஒரு படி கட்டாயம் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால் ஸ்கீம் என்பதே ஏமாற்று என்று முடிவு செய்துவிடுவார்.

காலாண்டு முடிந்த பத்தாம் தேதிக்குள் கிரெடிட் நோட் அவர் கையில் இருக்கட்டும். தாமதித்தால் இந்தக் கணக்கு முழுவதும் வீண், ஏரியா பேச்சு மறுபடி தொடங்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் விட்டுவிடுகிறேன் என்றால்? பேசப் போகும் முன்பே வாங்கிய அந்தக் கடைவாரி ரிப்போர்ட் உங்களிடம் இருக்கிறது. 310 கடையும் எங்கே, மாதம் எவ்வளவு என்று தெரியும். பல்லாவரம் பக்கம் ஒருவர், தாம்பரம் பக்கம் ஒருவர் என்று இரண்டு சிறிய டிஸ்ட்ரிபியூட்டரிடம் பிரித்துக் கொடுக்கலாம். ஒரு மாதம் விற்பனை பாதியாக விழும், அதற்கு ஏற்ப அரைக்கும் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். அவர் குடோனில் இருக்கும் நல்ல சரக்கை பில் விலைக்கே திரும்ப எடுத்துவிடுங்கள். எடுக்காமல் விட்டால் அதை அவர் பாதி விலைக்கு மார்க்கெட்டில் இறக்குவார், புதிதாக வந்த இருவருக்கும் முதல் மாதமே ரேட் உடைந்துவிடும்.